நீர்நாய் போன கடல்: வேட்டை விலங்குகளைப் பற்றிப் பேசும்போது செய்யும் தவறுகள்

புலி தினம் வந்தால் பள்ளிச் சுவரில் ஒரு சார்ட் தொங்கும். புலி, மான், புல் என மூன்று படங்கள், இடையில் இரண்டு அம்புக்குறிகள். புலி போனால் மான் பெருகும், மான் பெருகினால் காடு மொட்டையாகும். நானும் அப்படி ஒரு சார்ட்டைக் காட்டிப் பேசியவன்தான். முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அப்ப யானைய யாரு சார் கொறைக்கிறா?" என்று கேட்டான். வளர்ந்த யானையைப் புலி தின்று குறைப்பதில்லை. ஆனால் நம் காடுகளில் இலையையும் கிளையையும் அதிகம் தின்று தீர்ப்பவர்களில் யானையும் ஒன்று. என் சார்ட்டில் அதற்கு இடமே இல்லை.

உச்சியில் இருக்கும் வேட்டை விலங்கை எடுத்துவிட்டால் அதன் விளைவு படிப்படியாக இறங்கித் தாவரம் வரை போவதை ட்ரோபிக் கேஸ்கேட் என்கிறார்கள். அடுக்குச் சரிவு என்று சொல்லலாம். அது உண்மையில் நடக்கிறது. ஆனால் அதைச் சொல்லும்போது வழக்கமாகச் சில தவறுகள் செய்கிறோம். இவற்றைப் புரிந்துகொள்ள, எனக்குத் தெரிந்து மிக நன்றாக ஆராயப்பட்ட இடம் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகள். அங்கே புலியின் இடத்தில் இருப்பது கடல் நீர்நாய்.

கடல் நீர்நாய்க்குத் திமிங்கிலம், சீல் போலத் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு கிடையாது. குளிர்ந்த கடலில் அதைக் காப்பது அடர்ந்த ரோமமும், ஓயாமல் தின்பதும்தான். ஒரு நாளில் தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தின்னும். அதற்குப் பிடித்த இரைகளில் ஒன்று கடல் முள்ளெலி, அதாவது பாறையில் ஊரும் முள் உருண்டை. முள்ளெலி தின்பது கெல்ப் என்ற பெரிய கடற்பாசியை. பாசி என்றாலும் பல மீட்டர் உயரம் வளர்ந்து காடு போல நிற்கும். ஆக, கெல்ப், முள்ளெலி, நீர்நாய் என்று மூன்று படிகள்.

1742-இல் கடலோடி பெரிங்கின் பயணக் குழுவினர் நீர்நாய்த் தோல்களோடு ரஷ்யா திரும்பியதும் ரோம வியாபாரிகளின் வேட்டை தொடங்கியது. 1911-இல் ஒப்பந்தம் போட்டு வேட்டையை நிறுத்தியபோது, வட பசிபிக் முழுவதும் சிதறிக்கிடந்த சில சிறு கூட்டங்களே மிச்சம். பிறகு சில தீவுகளில் அவை பெருகின, சில தீவுகளுக்கு நெடுங்காலம் வந்து சேரவே இல்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் ஆராய்ச்சிக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

1970-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் எஸ்டிஸ் என்ற இளம் ஆய்வாளர் அம்சிட்கா தீவில் இருந்தார். கெல்ப் காடு நீர்நாய்களை எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பது அவர் திட்டம். அங்கு வந்த ராபர்ட் பெய்ன் என்ற சூழலியலாளர், கேள்வியைத் திருப்பிப் போடச் சொன்னார்: நீர்நாய்கள் கெல்ப் காட்டுக்கு என்ன செய்கின்றன? அதைப் பார்க்க நீர்நாய் இல்லாத இடம் வேண்டும். எஸ்டிஸ் மேற்கே ஷெம்யா தீவுக்குப் போய்க் கடலில் இறங்கினார். அம்சிட்காவில் கெல்ப் அடர்ந்திருந்தது, முள்ளெலிகள் சிறியவை. ஷெம்யாவிலோ தரை முழுக்கப் பெரிய முள்ளெலிகள், கெல்ப் கிட்டத்தட்ட இல்லை. 1974-இல் அவரும் ஜான் பால்மிசானோவும் இதை வெளியிட்டார்கள்.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. நீர்நாய் இருக்கும் தீவு ஒன்று, இல்லாத தீவு ஒன்று, இரண்டும் வேறுமாதிரி இருக்கின்றன, ஆகவே காரணம் நீர்நாய் என்று முடித்துவிடுகிறோம். இரண்டு தீவுகளுக்கும் இடையே நீரோட்டம், அலை, பாறை எல்லாமே மாறியிருக்கலாம் அல்லவா? இதே கேள்வியைத்தான் மற்ற ஆய்வாளர்களும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரே இடத்தில் விலங்கு வரும்போதோ போகும்போதோ என்ன மாறுகிறது என்று பார்த்தால்தான் பதில் உறுதியாகும்.

அந்த வாய்ப்பு 1990-களில் கிடைத்தது. யாரும் விரும்பிய வகையில் அல்ல. நன்றாகப் பெருகியிருந்த நீர்நாய்கள் ஆண்டுக்குக் கால் பங்கு வீதம் காணாமல் போகத் தொடங்கின. நோயா? கரையில் பிணங்கள் ஒதுங்கியிருக்க வேண்டும், அப்படி ஒதுங்கவில்லை. குட்டி போடுவது குறைந்ததா? இல்லை. 1991 முதல் ஓர்கா திமிங்கிலங்கள் நீர்நாயைத் தாக்குவதை ஆய்வாளர்கள் நேரிலேயே பார்த்தார்கள். அதற்கு முன் அதே இடங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

சந்தேகத்தைத் தீர்த்தது அடாக் தீவின் இரண்டு கடற்பகுதிகள். குலுக் விரிகுடா திறந்த கடல், ஓர்கா தாராளமாக வரலாம். கிளாம் உப்பங்கழிக்கு வாசல் குறுகலானது, ஆழமும் குறைவு, ஓர்காவால் உள்ளே வர முடியாது. இரண்டும் ஒரே தீவில் பக்கத்து பக்கத்தில் இருப்பவை. 1993 முதல் 1997 வரை குலுக் விரிகுடாவில் நீர்நாய்கள் முக்கால் பங்கு குறைந்தன. கழிக்குள் இருந்தவற்றின் எண்ணிக்கை அப்படியே இருந்தது. அப்புறம் அடாக்கைச் சுற்றியுள்ள கடலடி என்ன ஆனது? 1987-க்கும் 1997-க்கும் இடையில் முள்ளெலிகளின் மொத்த எடை 8 மடங்கு ஏறியது, கெல்ப்பின் அடர்த்தி 12-இல் ஒரு பங்காக இறங்கியது. தீவும் பாறையும் மாறவில்லை, நீர்நாய்தான் போனது. ஷெம்யாவும் அம்சிட்காவும் தர முடியாத பதிலை அடாக் தந்தது.

இதே கதையில் இரண்டாவது தவறும் இருக்கிறது: உச்ச வேட்டை விலங்கு இருந்தால் காடு பச்சை என்று எடுத்துக்கொள்வது. அலூஷியனில் உச்சியில் வந்து உட்கார்ந்த ஓர்கா கெல்ப்பை வளர்க்கவில்லை, அழித்தது. படிகளை எண்ணிப் பாருங்கள். மூன்று படி இருந்தபோது நீர்நாய் முள்ளெலியை அடக்கியது, கெல்ப் தழைத்தது. நான்காவதாக ஓர்கா வந்ததும் நீர்நாய் அடங்கியது, முள்ளெலி எழுந்தது, கெல்ப் போனது. ஒற்றைப்படை என்றால் பச்சை, இரட்டைப்படை என்றால் மொட்டை என்பது எளிமைப்படுத்திய கணக்குதான். ஆனால் சங்கிலி எத்தனை படி என்று தெரியாமல் விளைவைச் சொல்லக் கூடாது என்பதற்கு அது போதும்.

இதற்குப் பெரிய ஓர்காக் கூட்டமும் தேவையில்லை. நீர்நாயைத் தவிர வேறெதையும் தின்னாத ஓர்காக்கள் என்று வைத்தால், ஏறத்தாழ 40,000 நீர்நாய்களின் இழப்புக்கு நான்கே நான்கு போதும் என்று எஸ்டிஸ் குழு கணக்கிட்டது. எந்த விலங்கு எத்தனை இருக்கிறது என்று மட்டும் எண்ணியிருந்தால் இந்த நான்கு யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஓர்காக்கள் ஏன் திடீரென்று நீர்நாய் பக்கம் திரும்பின என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து இல்லை. அவற்றின் வழக்கமான இரையான சீல், கடற்சிங்கம் குறைந்ததால் என்கிறார்கள் சிலர். அது குறைந்த காரணமே சர்ச்சை.

மூன்றாவது தவறு கொஞ்சம் நுணுக்கமானது. நான் நெடுநாள் கவனிக்காமல் இருந்ததும் இதைத்தான். முள்ளெலிகள் எண்ணிக்கையில் பெருகுவதால்தான் கெல்ப் அழிகிறது என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. கெல்ப் காட்டில் அறுந்த இலைகள் எப்போதும் மிதந்து வந்து பாறை இடுக்குகளில் விழும். இடுக்கில் பதுங்கியிருக்கும் முள்ளெலிக்குச் சாப்பாடு வாசலுக்கே வருகிறது. நீர்நாய் சுற்றும் இடத்தில் வெளியே வந்தால் ஆபத்தும்கூட. அதனால் அது நகர்வதே இல்லை. இலை வரத்துக் குறைந்து, வெளியே பயமும் இல்லாமல் போனால், அதே முள்ளெலிகள் இடுக்கை விட்டுக் கிளம்பி, உயிரோடு நிற்கும் கெல்ப்பின் அடியைப் பிடிக்கின்றன. பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதி அறுந்தால் முழுச் செடியும் மிதந்து போய்விடும். அதாவது எண்ணிக்கை பெரிதாக மாறாமலேகூட நடத்தை மாறினால் காடு சரியும். முள்ளெலி எத்தனை என்று கேட்பதோடு, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இடுக்கில் இருந்தால் பரவாயில்லை. திறந்த பாறையில் வரிசைகட்டி நின்றால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது.

நான்காவது, நான் அதிகம் கேள்விப்படும் தவறு: விலங்கைத் திருப்பிக் கொண்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பது. எல்லோரும் சொல்லும், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஓநாய்க் கதையே இதற்கு எதிர்ச்சாட்சி. 1995-96-இல் ஓநாய்கள் திரும்பின, எல்க் மான்களும் குறைந்தன. ஆனால் பல ஓடைக்கரைகளில் வில்லோ மரங்கள் உயரவில்லை. ஓநாய் இல்லாத காலத்தில், ஓடையில் கிளைகளால் அணை கட்டும் பீவர்கள் மறைந்து, அவற்றின் அணைகள் உடைந்து, ஓடை ஆழமாக அரித்துக்கொண்டு நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. வேருக்குத் தண்ணீர் எட்டாத மரத்துக்கு மான் தின்னாமல் விட்டால் மட்டும் என்ன பயன்?

கடலிலும் அதே கதைதான், வேறு விதத்தில். வட கலிபோர்னியாவில் நீர்நாய்கள் ரோம வேட்டைக் காலத்திலேயே போய்விட்டன. ஆனாலும் கெல்ப் காடு நின்றது. முள்ளெலியைத் தின்னச் சூரியகாந்தி நட்சத்திரமீன் என்ற இன்னொரு விலங்கு இருந்ததால். 2013-இல் நட்சத்திரமீன்களைக் கரைத்துவிடும் ஒரு நோய் பரவியது, அதையொட்டிக் கடல் வெப்ப அலையும் வந்தது. சில ஆண்டுகளில் அங்கிருந்த கெல்ப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. மொட்டைப் பாறையில் ஊதா முள்ளெலிகள் மட்டும். சாப்பாடு தீர்ந்தால் அவை செத்துவிடும், கெல்ப் திரும்பும் என்று எதிர்பார்ப்போம். முள்ளெலி சாவதில்லை. உடலைச் சுருக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பட்டினியாகக் கிடக்கும். எங்காவது ஒரு கெல்ப் குருத்து தலைநீட்டினால் தின்றுவிடும். காட்டை அழிக்க நிறைய முள்ளெலி வேண்டும், அழிந்த காட்டை முளைக்கவிடாமல் வைத்திருக்கக் கொஞ்சம் போதும்.

அப்படியானால் நீர்நாயை விட்டால் தின்று தீர்த்துவிடாதா? தெற்கே மான்டெரே விரிகுடாவில் நீர்நாய்கள் இருக்கின்றன, அங்கேயும் அதே காலத்தில் முள்ளெலிகள் பெருகின. ஆய்வாளர்கள் இறங்கி முள்ளெலிகளை உடைத்துப் பார்த்தார்கள். கெல்ப் மிச்சமிருக்கும் திட்டுகளில் கிடைத்த முள்ளெலியின் ஓட்டுக்குள் மஞ்சள் நிறத்தில் கொழுத்த இனப்பெருக்க உறுப்பு இருந்தது. நீர்நாய் தேடுவது அதைத்தான். மொட்டைப் பாறையில் கிடைத்ததை உடைத்தால் உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நீர்நாய்கள் கெல்ப் திட்டுகளில் இருந்த முள்ளெலிகளைத் தின்றன, மொட்டைப் பாறைகளை அப்படியே விட்டுவிட்டன. அதனால் மிச்சமிருந்த திட்டுகள் பிழைத்தன. பக்கத்திலேயே கிடந்த மொட்டைப் பாறைகள் மொட்டையாகவே இருந்தன.