ஒரே அளவு காஸ்டிக் சோடா எல்லா எண்ணெய்க்கும் பொருந்தாது: சோப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் சோப்பு செய்வார். 500 கிராம் எண்ணெய்க்கு 87 கிராம் காஸ்டிக் சோடா என்று குறித்து வைத்திருந்தார். சோப்பு ஒவ்வொரு முறையும் நன்றாகவே வந்தது. போன மாசி மாதம் செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், மிச்சம் இருந்ததால், அதே 500 கிராம், அதே 87 கிராம் என்று போட்டுவிட்டார். கட்டி வெடித்து வெடித்து இறுகியது, மேலே வெள்ளைப் பூ பூத்தது. கை கழுவியதும் விரலிடுக்கெல்லாம் எரிந்தது. "எண்ணெயும் எடையும் சரிதானே தம்பி, எங்க தப்பு?" என்று கேட்டார்.

எடை சரிதான். ஆனால் காஸ்டிக் சோடா எடையைப் பார்த்து வேலை செய்வதில்லை, மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறது.

எண்ணெய் என்பது பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு. கிளிசரால் என்ற சிறிய மூலக்கூறு ஒன்று, அதன் மூன்று கைகளிலும் ஒவ்வொரு கொழுப்பு அமிலம். ஒவ்வொரு இணைப்பும் ஓர் எஸ்டர் பிணைப்பு. கிளிசரால் பகுதி எல்லா எண்ணெயிலும் ஒன்றே, தொங்கும் வால்களின் நீளம்தான் மாறுகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். மல்லாட்டை எண்ணெயில் 18 கார்பன் கொண்ட ஒலியிக், லினோலியிக் அமிலங்களே அதிகம். மூன்று கையிலும் லாரிக் இருந்தால் மூலக்கூறு எடை சுமார் 639, மூன்றிலும் ஒலியிக் இருந்தால் சுமார் 885.

ஆக, பெரிய மூலக்கூறு என்றால் 500 கிராமுக்குள் எண்ணிக்கை குறையும். மூலக்கூறு பெரிதோ சிறிதோ, காஸ்டிக் சோடா, அதாவது NaOH, உடைக்க வேண்டிய பிணைப்பு மூன்றுதான்:

```
C3H5(OCOR)3 + 3 NaOH → C3H5(OH)3 + 3 RCOONa
```

இந்தச் சமன்பாட்டில் மாணவர்கள் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். ஒன்று, NaOH முன்னால் 3 போட மறப்பது. மற்றொன்று, வலப்பக்கம் தண்ணீரை எழுதுவது. அமிலமும் காரமும் சேர்ந்தால்தான் தண்ணீர் வரும். இங்கே கொழுப்பு அமிலம் தனியாக இல்லை, கிளிசராலோடு கட்டுண்டு கிடக்கிறது. அதனால் வருவது கிளிசராலும் சோப்பும் மட்டுமே.

இப்போது அக்காவின் கணக்குக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் ஒரு கிராமுக்கு சுமார் 0.183 கிராம் NaOH வேண்டும், 500 கிராமுக்கு 91.5 கிராம். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சட்டும் என்று 5 சதவீதம் குறைத்தால் 87. அவர் குறிப்பு அப்படி வந்ததுதான். மல்லாட்டை எண்ணெய்க்கோ கிராமுக்கு 0.135 போதும். 500 கிராமுக்கு 67.5, 5 சதவீதம் குறைத்தால் 64. அவர் போட்டது 87. எண்ணெய் முழுதும் சோப்பாகிய பிறகும் சுமார் 20 கிராம் காஸ்டிக் சோடா உடைக்க எதுவும் இல்லாமல் கட்டிக்குள் அப்படியே தங்கிவிட்டது. கையை எரித்தது அதுதான்.

கட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கையுறை போட்டுக்கொண்டு துருவி, சிறிது தண்ணீர் விட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் மிதமான சூட்டில் இளக்கி, இன்னும் 180 கிராம் மல்லாட்டை எண்ணெய் சேர்த்துக் கிளறினால் கணக்கு நேராகிவிடும். அலுமினியப் பாத்திரம் மட்டும் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும்.

அக்கா இன்னொன்றும் சொன்னார்: "மஞ்சத்தூள் போட்டுப் பார்த்தேன், சிவந்துச்சு. தேங்காய் சோப்பும் அப்படித்தானே சிவக்குது, அதனால நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சேன்." இந்தச் சோதனையைப் பலர் நம்புகிறார்கள். சோப்பு ஒரு வலிமை குறைந்த அமிலத்துக்கும் வலிமை மிக்க காரத்துக்கும் பிறந்த உப்பு. சரியாகச் செய்த சோப்பே தண்ணீரில் pH 9 முதல் 10 வரை காட்டும், மஞ்சளைச் சிவக்க வைக்கும். மிஞ்சிய காஸ்டிக் சோடாவும் சிவக்க வைக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல மஞ்சளால் முடியாது. அடுப்பேற்றும் முன் எண்ணெய்க்கு ஏற்ற கணக்கைப் போட்டு, தராசில் நிறுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

சரி, நல்ல சோப்பு கையில் இருக்கிறது. அப்புறம் தண்ணீரில் என்ன நடக்கிறது? "சோப்பு அழுக்கோடு வினைபுரிந்து கரைக்கிறது" என்று எழுதுவது பரவலான தவறு. அழுக்கு மாறுவதில்லை, இடம்தான் பெயர்கிறது. சோப்பு மூலக்கூறின் தலை மின்சுமை உள்ளது, தண்ணீரோடு ஒட்டும். வால் ஒட்டாது. கரைசலில் போதிய அளவு சேர்ந்ததும் பல பத்து மூலக்கூறுகள் கூடி, வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டி ஒரு திரள் ஆகின்றன. அதுவே மைசெல். எண்ணெய்ப் பிசுக்கு அந்த வால்களுக்கு நடுவே புகுந்துகொண்டு தண்ணீரோடு போய்விடுகிறது. படத்தில் மைசெலின் நடுவே வெற்றிடம் விடுவார்கள். உண்மையில் உள்ளே வால்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும். மூலக்கூறுகளும் ஓயாமல் வெளியே போய் வந்துகொண்டிருக்கும், அது கெட்டியான பந்து அல்ல.

"போதிய அளவு" என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சோப்பு கொஞ்சமாக இருந்தால் மூலக்கூறுகள் முதலில் நீர்ப்பரப்பில்தான் போய் நிற்கும். நுரை வரும், மைசெல் இருக்காது. லாரிக் அமிலத்தின் சோப்பான சோடியம் லாரேட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 5 கிராம் தாண்டினால்தான் மைசெல் உருவாகும். வால் நீண்ட சோடியம் ஒலியேட்டுக்கு அதைவிட மிகக் குறைவே போதும். சட்டைக் காலரில் சோப்பை நேராகத் தேய்ப்பது வாளியில் கரைப்பதைவிட நன்றாக வேலை செய்வதும் இதனால்தான். தேய்த்த இடத்தில் செறிவு அதிகம்.

கடலூர், புதுச்சேரி பக்கம் போர் தண்ணீரில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. உப்புக் கரிக்கிற தண்ணீரையும் கடினநீரையும் நாம் ஒரே வார்த்தையில் "உப்புத் தண்ணி" என்கிறோம். நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. சோப்பைத் திரிய வைப்பது கால்சியமும் மெக்னீசியமும். கரிக்காத தண்ணீரும் கடினமாக இருக்கலாம். ஒரு கால்சியம் அயனி இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்து, வாளி ஓரத்தில் ஒட்டும் வெள்ளைத் திரளாக்கிவிடும். பரிசோதனைச் சீட்டில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று இருந்தால், 15 லிட்டர் வாளியில் மைசெல் தொடங்கும் முன்பே சுமார் 27 கிராம் மல்லாட்டை எண்ணெய் சோப்பு வீணாகும். 100 கிராம் கட்டியில் கால்வாசி.

கொதிக்க வைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை மட்டுமே போகும். அந்த வாளிக்கு, நீரற்ற சலவை சோடாத் தூள் என்றால் சுமார் 5 கிராம், படிகம் என்றால் 13 கிராம் முதலில் போட்டுச் சற்று நேரம் விட்டால், கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். சோப்பை அதற்குப் பிறகு போடவேண்டும். மெக்னீசியம் அதிகமுள்ள தண்ணீரில் இது முழுப் பலன் தராது. பட்டுத் துணிக்கு இந்த வேலையே வேண்டாம்.