ப்ரீ-ஆத் கடிதத்தைக் கணக்குப் போட்டுப் படிப்பது எப்படி

போன மாதம் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு அழைத்து வந்து பைபாஸ் ரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்று நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டையும் நான் தப்பாகப் படித்தேன். சரியாகப் படித்திருந்தால் டிஸ்சார்ஜ் அன்று கவுண்டரில் ஒரு மணி நேரம் நின்றிருக்க வேண்டாம். கேஷ்லெஸ் கார்டு கொடுத்து ப்ரீ-ஆத் ஃபார்ம் நிரப்புவது வரை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கணக்கே வேறு. இது காசு கொடுத்து எடுத்த பாலிசிக்கு.

1. எந்தக் கடிதம் என்று முதலில் பாருங்கள்

மருத்துவமனை கேட்டது 1,20,000 ரூபாய். மறுநாள் காலை வந்த கடிதத்தில் அப்ரூவ்டு அமவுண்ட் 45,000 என்று இருந்தது. மீதி 75,000 என் தலையில்தான் என்று நினைத்து, மேலூரில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டுக் கடன் கேட்டுவிட்டேன். கடிதத்தின் தலைப்பில் 'இனிஷியல்' என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. சிகிச்சையைத் தொடங்கச் சொல்லிக் கொடுக்கும் முதல் ஒப்புதல் அது. டிஸ்சார்ஜ் சம்மரியும் இறுதி பில்லும் போன பிறகு வரும் 'ஃபைனல்' கடிதத்தில் உள்ள தொகைதான் கணக்கு. முதல் கடிதத்தில் தொகையை விட்டுவிட்டு மூன்றே விஷயம் பாருங்கள்: நோயாளி பெயர், நோயின் பெயர், கோ-பே சதவீதம், அதாவது நாம் கட்ட வேண்டிய பங்கு. நோயின் பெயர் தப்பாக இருந்தால் அன்றைக்கே இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சொல்லித் திருத்த வேண்டும்.

2. ஃபைனல் கடிதத்தை பிரிண்ட் எடுங்கள்

கம்பெனி ஆப்பில் பார்க்காதீர்கள். எங்கள் ஆப்பில் கடைசித் தொகை மட்டும்தான் தெரிந்தது, கழிவுகள் எதுவும் தெரியவில்லை. பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் வாங்கி, எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பேனாவோடு உட்காருங்கள். கூடவே மருத்துவமனையிடம் ஐட்டம்வைஸ் பில் கேளுங்கள். ஒரு பக்க பில்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் கடிதத்தில் இருந்த வரிகள் இவை. நான்-பேயபிள் என்பது கம்பெனி பணம் தராத பொருள்களின் தொகை:

```
பில் தொகை              1,18,400
நான்-பேயபிள்              9,450
மருத்துவமனை தள்ளுபடி      5,200
ஏற்கப்பட்ட தொகை        1,03,750
கோ-பே 20%               20,750
அப்ரூவ்டு அமவுண்ட்         83,000
```

கோ-பே வரியைக் கவனியுங்கள். பாலிசி எடுத்தபோதே அப்பாவுக்கு 60 தாண்டிவிட்டது, அதனால் 20 சதவீதம் நம் பங்கு. இந்த 20 சதவீதம் மொத்த பில்லுக்கு இல்லை. கழிவுகள் போக மிஞ்சும் ஏற்கப்பட்ட தொகைக்குத்தான். 1,18,400-க்கு 20 சதவீதம் போட்டால் 23,680 வரும், அது தப்பு. சதவீதம் சரிதானா என்பதை பாலிசி ஷெட்யூலில் ஒரு தடவை ஒத்துப் பாருங்கள்.

3. நான் மாட்டிய இடம்: தள்ளுபடி

கவுண்டரில் இருந்த பெண் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "முப்பத்தஞ்சாயிரத்து நானூறு கட்டணும் சார்" என்றார். பில்லிலிருந்து அப்ரூவ்டு அமவுண்டைக் கழித்தால் அதுதான் வரும். நானும் சரி என்று கார்டை நீட்டப் போனேன். அப்புறம்தான் 5,200 உறுத்தியது.

அந்தத் தள்ளுபடி, மருத்துவமனைக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இடையே உள்ள ஒப்பந்தப்படி மருத்துவமனை விட்டுக்கொடுப்பது. கம்பெனிக்கு விட்டுக்கொடுத்ததை நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது. எங்கள் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் அது அப்படியே போட்டிருந்தது. ஆக, சரியான கணக்கு:

```
பில் − தள்ளுபடி − அப்ரூவ்டு = நாம் கட்டுவது
1,18,400 − 5,200 − 83,000 = 30,200
```

இதை இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். நான்-பேயபிளையும் கோ-பேயையும் கூட்டுங்கள்: 9,450 + 20,750 = 30,200. கவுண்டரில் கேட்கும் தொகை இதோடு ஒத்துவராவிட்டால் எங்கோ தள்ளுபடி நம் பக்கம் தள்ளப்பட்டிருக்கலாம். அந்த வரியைக் காட்டியதும் அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "சிஸ்டத்துல அப்படித்தான் சார் வருது" என்று சொல்லித் திருத்திக் கொடுத்தார்.

4. நான்-பேயபிளை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள்

9,450-ஐ ஐட்டம்வைஸ் பில்லில் தேடிப் பிரித்தேன். கிளவுஸ், மாஸ்க் வகை 4,150. டயப்பர், வயிற்றுப் பெல்ட் 2,250. சாப்பாடு 1,700. அட்மிஷன் கிட், ஃபைல், டாக்குமென்டேஷன் என்று 1,350.

சாப்பாடு எங்கள் தப்புதான். திருமங்கலத்திலிருந்து பார்க்க வந்த சித்தப்பா குடும்பம் ரூமுக்கே டிபன் வரவழைத்துச் சாப்பிட்டது. நோயாளிக்கு மருத்துவமனை தரும் சாப்பாடு தவிர மற்றது நம் செலவு. வெளியே வாங்கிச் சாப்பிட்டிருந்தால் பாதிக் காசு.

கடைசி 1,350 தான் விஷயம். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ இந்தப் பொருள்களை நான்கு பட்டியலாகப் பிரித்திருக்கிறது. முதல் பட்டியலில் உள்ள 68 பொருள்கள் பாலிசியில் தனியாகச் சேர்க்கப்படாவிட்டால் நம் செலவு. கிளவுஸ், மாஸ்க், டயப்பர், வயிற்றுப் பெல்ட் எல்லாம் அதில்தான் வருகின்றன. மற்ற மூன்று பட்டியல்களில் இருப்பவை முறையே ரூம் வாடகையிலும் ஆபரேஷன் கட்டணத்திலும் சிகிச்சைக் கட்டணத்திலும் அடக்கம். அட்மிஷன் கிட், ஃபைல் திறக்கும் கட்டணம், டாக்குமென்டேஷன் ஆகியவை இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ரூம் வாடகையில் அடங்கியதைத் தனியாகப் போட்டு, கம்பெனி வெட்டியதும் நம்மிடம் கேட்பது இரண்டு தடவை வாங்குவது போலத்தான். பாலிசி புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நான்கு பட்டியலும் இருக்கும். போனில் எடுத்து வைத்திருங்கள். நான் காட்டினேன், கொஞ்சம் முனகிவிட்டு எடுத்துவிட்டார்கள்.

30,200-ல் 1,350 போக 28,850. சேர்க்கும்போது கட்டிய அட்வான்ஸ் 10,000-ஐக் கழித்து 18,850 கட்டினேன். அட்வான்ஸைக் கழிக்க அவர்களாக ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ரசீதைக் கையில் வைத்திருங்கள்.

கடிதம் வரத் தாமதமானால்: 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி முதல் ஒப்புதலுக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரம். மூன்று மணி நேரத்தைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாக வாங்கினால் அதைக் கம்பெனி ஏற்க வேண்டும். மருத்துவமனை கோரிக்கை அனுப்பிய நேரத்திலிருந்துதான் கணக்கு ஆரம்பம். அதனால் டெஸ்க்கில் "அனுப்பிட்டீங்களா" என்று கேட்காமல் "எத்தனை மணிக்கு அனுப்பினீங்க" என்று கேளுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தன் கடிதத்தில் நான்-பேயபிள், தள்ளுபடி, கோ-பே மூன்றையும் கூட்டினாலும் வெட்டிய தொகை வரவில்லை என்று எழுதியிருந்தார். கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அவர் பாலிசியில் ரூம் வாடகை வரம்பு நாளுக்கு 4,000. எடுத்தது 5,000 ரூபாய் ரூம். வாடகையில் 1,000 மட்டும் போகும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் 5-க்கு 4 என்ற விகிதத்தில் மட்டும் கொடுத்து மீதியை வெட்டியிருந்தார்கள். மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது. அவருக்கு ஸ்கேனிலும் வெட்டியிருந்தார்கள். அதை மட்டும் எடுத்து எழுதிக் கம்பெனிக்கு மெயில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே சேர்க்கிறேன்.