போன் தொலைந்தால் மெயிலில் எது திரும்ப வரும்?

போன மாதம் தென்காசி பஸ்ஸில் எங்கள் பக்கத்துக் கடை அண்ணாச்சியின் போன் தொலைந்துவிட்டது. பாளையங்கோட்டையில் அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கிப் புதுப் போனில் போட்டார். ஜிமெயிலில் பாஸ்வேர்டு சரி, ஆனால் ஓடிபி வரவே இல்லை. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்கத்தான் இந்த விதி. அதனால் திரும்பத் திரும்ப முயற்சி செய்யாதீர்கள், கணக்கு கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும்.

நல்லவேளை, கடைக் கம்ப்யூட்டரில் அவருடைய மெயில் திறந்தே இருந்தது. அதில் கூகுள் கணக்கின் Security பகுதிக்குப் போய், முதலில் தொலைந்த போனை வெளியேற்றினோம். அப்புறம் 2-Step Verification-க்குள் Backup codes எடுத்தோம். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் வரும், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். ஓடிபிக்குப் பதில் அதில் ஒன்றைப் போட்டதும் புதுப் போனில் மெயில் திறந்தது.

பழைய மெயில்கள், அனுப்பியவை, இணைப்புகள் எல்லாம் வந்துவிட்டன. அவை இருந்தது சர்வரில், போனில் இல்லை. நெட் இல்லாமல் அவுட்பாக்ஸில் நின்ற ஒரு பில் மட்டும் போயே போய்விட்டது. தொடர்பு எண்களில் கூகுள் கணக்கில் சேமித்தவை வந்தன. 'போன்' என்று தேர்ந்து சேமித்த சரக்குக்காரர்களின் எண்கள் வரவில்லை, பாவம், பழைய பில் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதி எடுத்தார். புது எண்ணைச் சேமிக்கும்போது மேலே எந்தக் கணக்கு காட்டுகிறது என்று ஒரு தடவை பாருங்கள்.