மறைமுக வரி நேர்காணலில் சறுக்கும் இடம்: ஒரு நோட்டீஸும் 4,86,000 ரூபாயும்

மறைமுக வரிப் பிரிவின் எக்ஸிகியூட்டிவ் பணிக்கான நேர்காணல்களில், கேள்வி கேட்கும் பக்கத்தில் நான் சில ஆண்டுகளாக அமர்ந்து வருகிறேன். ஜிஎஸ்டியில் விற்பனை விவரங்களைக் காட்டும் GSTR-1-க்கு 11-ஆம் தேதி, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் GSTR-3B-க்கு 20-ஆம் தேதி என்று கெடுவை ஒப்பிக்கத் தெரியாதவர்கள் அநேகமாக வருவதில்லை. ஆகவே நான் ஒரே ஒரு கணக்கைத்தான் கொடுப்பேன்: 2022-23-க்கு ASMT-10 நோட்டீஸ் வந்திருக்கிறது, கொள்முதலில் கொடுத்த வரிக்காக GSTR-3B-யில் எடுத்த உள்ளீட்டு வரி வரவு, சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களிலிருந்து உருவாகும் GSTR-2B காட்டுவதைவிட 4,86,000 ரூபாய் கூடுதல் என்று அதிகாரி கூறுகிறார், என்ன செய்வீர்கள்?

"DRC-03-இல் கட்டி முடித்துவிடலாம்" என்பது பலரும் உடனே சொல்லும் பதில்; DRC-03 என்பது நாமே முன்வந்து வரி கட்டுவதற்கான படிவம். ஆனால் ASMT-10 என்பது வரிக் கோரிக்கை ஆணை அல்ல. 61-ஆம் பிரிவின்படி ரிட்டர்னைச் சரிபார்த்த அதிகாரி விளக்கம் கேட்கும் கடிதம். பொதுவாக 30 நாட்களுக்குள் ASMT-11-இல் பதில் தர வேண்டும். விளக்கம் ஏற்கப்பட்டால் ASMT-12 வரும், ஏற்கப்படாவிட்டால் விவகாரம் வரி கேட்கும் நோட்டீஸான DRC-01 வரை போகும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: "பில் இருக்கிறது, சப்ளையருக்குப் பணமும் கொடுத்தாயிற்று, எனவே வரவு சரி" என்பார்கள். 2022 ஜனவரி 1 முதல், சப்ளையர் அந்த பில்லைத் தம் ரிட்டர்னில் காட்டி அது நம் 2B-க்கு வந்திருந்தால்தான் வரவு எடுக்க முடியும் என்பதை அந்தப் பதில் மறந்துவிடுகிறது.

நான் எதிர்பார்ப்பது, அந்தத் தொகையை பில் வாரியாகப் பிரிக்க முனையும் ஒருவரை. கேட்டால் நானே பிரித்துக் கொடுப்பேன்: 3,24,000, 1,08,000, 54,000.

முதல் தொகைக்கான பில் 2022 மார்ச் 2B-யில் இருக்கிறது, ஆனால் சரக்கு வந்து சேர்ந்தது ஏப்ரல் 4-ஆம் தேதி. சரக்கு கைக்கு வராமல் வரவு எடுக்கக் கூடாது என்பதால் நிறுவனம் ஏப்ரலில் எடுத்தது; 2B ஓர் ஆண்டிலும் 3B அடுத்த ஆண்டிலும் விழுந்ததால் வித்தியாசம் தோன்றியது. இங்கே ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. மார்ச் மாத 2B-யில் அந்த பில்லின் பதிவு, ஈ-வே பில், தேதியிட்ட சரக்கு வரவுப் பதிவு ஆகியவற்றோடு, மார்ச் 3B-யில் இந்த வரவு எடுக்கப்படவில்லை என்பதற்கான கணக்கையும் இணைத்தால் போதும். கடைசியாகச் சொன்ன அந்த இணைப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், இரண்டு முறை எடுத்தீர்களா என்று அதிகாரி கேட்பது நியாயமே.

1,08,000 ரூபாய் சிக்கலானது. சப்ளையர் நம்முடைய வேறு மாநிலக் கிளையின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு GSTR-1 தாக்கல் செய்துவிட்டார். "சப்ளையரைத் திருத்தச் சொல்வேன்" என்று தேர்வர் சொன்னால், எந்தத் தேதிக்குள் என்று கேட்பேன். 2022-23-க்கான திருத்தத்துக்குக் கடைசி நாள் 2023 நவம்பர் 30. நோட்டீஸ் வரும்போது அந்தக் கதவு மூடியிருக்கும். இன்னும் கொஞ்சம் படித்தவர், சப்ளையரிடமிருந்தோ தணிக்கையாளரிடமிருந்தோ சான்றிதழ் பெறலாம் என்பார். 183, 193 எண் சுற்றறிக்கைகள் தந்த அந்தச் சலுகை 2021 டிசம்பர் வரையிலான காலத்துக்கே உரியது. வரி செலுத்தப்பட்டதாக சப்ளையர் தரும் கடிதத்துடன் உண்மை நிலையை விளக்கிப் பதில் எழுதலாம்; ஆனால் சட்டம் நமக்குச் சாதகமாக இல்லை என்பதை மேலாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இதை ஒளிக்காமல் சொல்லும் தேர்வர் மீது எனக்கு நம்பிக்கை வருகிறது.

54,000 ரூபாய் நம் பிழை: ஒரே பில் இருமுறை பதிவாகியிருக்கிறது. DRC-03 இதற்குத்தான் பயன்படும். வட்டியைக் கேட்டால், ஆண்டுக்கு 18 சதவீதம், அதாவது 9,720 ரூபாய் என்று உடனே பெருக்கிச் சொல்கிறார்கள். தவறாக எடுத்த வரவைப் பயன்படுத்தியிருந்தால் மட்டுமே அந்த வட்டி; மின்னணு வரவுப் பேரேட்டின் இருப்பு அந்த 54,000-க்குக் கீழே இறங்கிய நாளிலிருந்துதான் அது ஓடத் தொடங்கும். இருப்பு எப்போதும் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்திருந்தால் வட்டியே இல்லை. ஆகவே பெருக்குவதற்கு முன் பேரேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் சரியாகச் சொன்னவர்கள்கூட ஒரு சின்ன கேள்வியில் நிற்பதுண்டு: இந்த நோட்டீஸை போர்ட்டலில் எங்கே தேடுவீர்கள்? View Notices and Orders என்ற பக்கத்தை மட்டும் சொல்கிறார்கள். அங்கே ஒன்றும் இல்லாமல், Additional Notices and Orders பக்கத்தில் நோட்டீஸ் கிடப்பது உண்டு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படிக் கிடந்த ஒன்றை, 30 நாட்களில் 22 நாட்கள் கழிந்த பிறகே கண்டோம்.