ஜிசிஎஸ்இ இலக்கியக் கட்டுரையை நாமே திருத்திப் பார்ப்பது: எந்த ஏஓ-வில் மார்க் போகிறது?

இங்கிலாந்துக்கு வந்து இயர் 10-இல் சேர்ந்த எனக்கு, மக்பெத் பயிற்சிக் கட்டுரைகள் எல்லாம் 30-க்கு 14, 15 என்றே திரும்பி வந்தன. இந்த ஊர் வரலாறு தெரியாததால்தான் குறைகிறது, அதாவது ஏஓ எனப்படும் மதிப்பீட்டு நோக்கங்களில் காலச் சூழலைப் பார்க்கும் ஏஓ3 பலவீனம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஜேம்ஸ் மன்னர் காலத்தை மனப்பாடம் செய்தேன். ஒரு மார்க்கும் ஏறவில்லை. கடைசியில் என் கட்டுரையை நானே வரி வரியாகத் திருத்தியபோதுதான் ஓட்டை வேறு இடத்தில் இருந்தது தெரிந்தது. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எழுதியது ஏகியூஏ வாரியத்தின் முதல் தாள், ஷேக்ஸ்பியர் கேள்வி. மொத்தம் 30. அதில் ஏஓ1-க்கு 12 (உங்கள் வாதமும் அதற்கான ஆதாரமும்), ஏஓ2-க்கு 12 (எழுத்தாளர் அதை எப்படிச் செய்கிறார்), ஏஓ3-க்கு 6 (காலச் சூழல்). எழுத்துப்பிழை, நடைக்கான ஏஓ4 தனியாக 4 மார்க். அதை இப்போது விட்டுவிடலாம். மார்க் ஸ்கீமை வாரியத்தின் தளத்திலிருந்து எடுத்து, அந்த ஆறு லெவல் உள்ள பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். திரையில் பார்த்துத் திருத்துவது எனக்குச் சரிப்படவில்லை. காகிதம்தான் நல்லது.

கட்டுரை எழுதிய அன்றே திருத்தாதீர்கள். இரண்டு நாள் போகட்டும். அன்றே படித்தால் தாளில் உள்ளதைப் படிக்க மாட்டோம், மனதில் நினைத்ததைப் படிப்போம். அதற்கு முன் வாரியம் வெளியிட்டிருக்கும் மாதிரி விடை ஒன்றை எடுத்து, தேர்வாளர் குறிப்பை மூடிவைத்துவிட்டு நீங்களே லெவல் போட்டுப் பாருங்கள். பிறகு குறிப்பைத் திறந்தால் உங்கள் கை தாராளமா கஞ்சமா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது நிறம். ஹைலைட்டர் வேண்டாம், மூன்று கலர் பென்சில் போதும், அழிக்கலாம். ஏஓ1 நீலம், ஏஓ2 சிவப்பு, ஏஓ3 பச்சை. ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் கோடு போடுங்கள்.

நான் இடறியது இங்கேதான். மேற்கோள் வந்த இடமெல்லாம் சிவப்புக் கோடு போட்டேன். பக்கம் முழுக்கச் சிவப்பு, ஆகவே ஏஓ2 பிரமாதம் என்று நினைத்தேன். ஆனால் மேற்கோள் காட்டுவது ஏஓ1 வேலை. அது வாதத்துக்கான ஆதாரம், அவ்வளவுதான். அந்தச் சொல் அங்கே என்ன செய்கிறது என்று சொல்லும்போதுதான் ஏஓ2 தொடங்குகிறது.

என் பழைய பத்தியைத் தமிழில் தருகிறேன், பாருங்கள்:

"லேடி மக்பெத் கொடூரமானவள். ஆவிகளிடம் தன் பாலை எடுத்துக்கொண்டு பித்தத்தைத் தரச் சொல்கிறாள். இது உருவகம். அவள் தாய்மையை வெறுக்கிறாள் என்று இது காட்டுகிறது. அந்தக் காலத்தில் மக்கள் சூனியத்தை நம்பினார்கள். ஜேம்ஸ் மன்னர் 1597-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்."

இதற்கு நான் வைத்துக்கொண்ட சோதனை இரண்டு. ஏஓ2-க்கு: மேற்கோளை எடுத்துவிட்டு, 'அவள் கொடுமையைக் கேட்கிறாள்' என்று சொந்த வார்த்தையில் போடுங்கள். அதற்குப் பிறகு வரும் விளக்கம் அப்படியே பொருந்தினால் அது ஏஓ2 இல்லை. இங்கே 'தாய்மையை வெறுக்கிறாள்' என்ற வரிக்குப் பால் என்ற சொல் ஓரளவு தேவைப்படுகிறது. பித்தம் தேவையே படவில்லை. 'இது உருவகம்' என்பது வெறும் பெயர் சூட்டல். ஏஓ3-க்கு: சூழல் வாக்கியத்தை அடித்துவிட்டுப் படியுங்கள். வாதம் குறையாமல் நின்றால் அது ஒட்டவைத்த தகவல். 1597 வரியை அடித்தேன், பத்திக்கு ஒன்றுமே ஆகவில்லை.

இந்தச் சோதனையில் தேறாத கோடுகளை அழித்துவிட்டு லெவல் போடுங்கள். நிறம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்காதீர்கள். 6 மார்க் உள்ள ஏஓ3 குறைவாகத்தான் தெரியும். ஒவ்வொரு ஏஓ-வுக்கும் உள்ள வர்ணனையைப் படித்து, எந்த லெவலின் வரி உங்கள் கட்டுரைக்குப் பொருந்துகிறது என்று மட்டும் பாருங்கள். எனக்கு ஏஓ1 நான்காம் லெவல் (தெளிவான புரிதல்), ஏஓ3 மூன்று, ஏஓ2 இரண்டு. அதாவது உத்தியின் பெயரைச் சொல்வதோடு நின்றுவிட்டேன். நான் வரலாறு படித்துக்கொண்டிருந்தபோது 12 மார்க் உள்ள பகுதி காலியாகக் கிடந்திருக்கிறது.

இந்த லெவல்களைக் கூட்டி மொத்த மார்க் போட வேண்டாம். தேர்வாளர் கட்டுரையை முழுதாகப் படித்து ஒரே மார்க்தான் தருகிறார். நாம் பிரிப்பது நோய் எங்கே என்று பார்க்க மட்டும்.

பிறகு முழுக் கட்டுரையையும் எழுதாமல் அந்த ஒரு பத்தியை மட்டும் திருத்தி எழுதினேன். அந்தப் பேச்சைத் திரும்பப் படித்தால் வரிசையாக ஏவல் வினைகள்: வா, நிரப்பு, இரத்தத்தைக் கெட்டியாக்கு, பாலை எடுத்துக்கொள். உடம்பின் ஒவ்வொரு பாகத்தையும் மாற்றச் சொல்லிக் கட்டளையிடுகிறாள். ஊட்டுகிற பால் இருந்த இடத்தில் கசக்கிற பித்தம் வேண்டும் என்கிறாள். அப்படியென்றால் கொடுமை அவளிடம் ஏற்கெனவே இல்லை, வெளியிலிருந்து வரவேண்டியிருக்கிறது! 'கொடூரமானவள்' என்ற என் முதல் வரியே தவறு. ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடக்கும்போதும் அவள் கட்டளைதான் இடுகிறாள், கறையைப் பார்த்துப் போ என்கிறாள், அது போகவில்லை. சொல்லைக் கவனித்ததும் வாதமும் சேர்ந்து மேலே போனது.

ஏஓ3-உம் தானாக இடம் பிடித்தது. 1604-ஆம் ஆண்டுச் சட்டப்படி தீய ஆவிகளை அழைப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். அவள் சொல்லும் அந்த 'வா' அன்றைய பார்வையாளர் காதில் எப்படி விழுந்திருக்கும்? இந்த வரியை அடித்தால் பத்தி நொண்டும்.

ஒரு கட்டுரையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். சில பகுதிகளில் ஏஓ2-க்குத் தீனி குறைவு. மூன்று கட்டுரையிலும் ஒரே ஏஓ கீழே இருந்தால்தான் அது பலவீனம்.

பின்சேர்க்கை: எட்எக்ஸெல் வாரியத்தில் எழுதும் ஒரு தம்பி, ஷேக்ஸ்பியர் முதல் பகுதியில் தனக்கு ஏஓ3 பூஜ்யமாக வருகிறது என்று பதறி எழுதியிருந்தார். அங்கே முதல் பகுதி ஏஓ2-ஐ மட்டும்தான் சோதிக்கிறது. ஏஓ1-உம் ஏஓ3-உம் இரண்டாம் பகுதியில். அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கோடு போடுங்கள், தம்பி.

இன்னொன்று: ஏ லெவல் போனதும் ஏஓ4 என்பது எழுத்துப்பிழை இல்லை, நூல்களுக்கிடையிலான தொடர்பு. பல்வேறு வாசிப்புகளுக்கு ஏஓ5 புதிதாக வருகிறது. பழைய தாளை வைத்துத் திருத்தாமல் உங்கள் பாடத்துக்கான மார்க் ஸ்கீமைப் புதிதாக அச்செடுங்கள்.