மூன்று மீதிகளிலிருந்து ஒரு எண்ணைக் கட்டுவது எப்படி?

ஒரு எண்ணை 7-ஆல் வகுத்தால் மீதி 4. அதே எண்ணை 11-ஆல் வகுத்தால் மீதி 9, 13-ஆல் வகுத்தால் மீதி 2. அந்த எண் எது?

4, 11, 18, 25 என்று 7-இன் தாவலில் எழுதிக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் 11-ஆலும் 13-ஆலும் வகுத்துப் பார்த்தால் எப்படியும் ஒரு நாள் கிடைத்துவிடும். வகுக்கும் எண்கள் பெரிதாகிவிட்டால் அந்த வழி கைகொடுக்காது. இங்கே நாம் விடையைத் தேடப்போவதில்லை, கட்டப்போகிறோம். ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு எண்ணைத் தனியாகச் செய்து, எல்லாவற்றையும் கூட்டினால் விடை வந்துவிடும்.

இந்த வழி பழையது. சீனாவில் சுன்சி என்பவர் பெயரில் வழங்கும் பழங்கணித நூலில் இதே வகைக் கணக்கு ஒன்று இருக்கிறது: 3-ஆல் வகுத்தால் மீதி 2, 5-ஆல் வகுத்தால் 3, 7-ஆல் வகுத்தால் 2. விடை 23. அந்த நூல் இதற்கு 70, 21, 15 என்ற மூன்று எண்களைப் பயன்படுத்துகிறது. 70-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1; 5-ஆலும் 7-ஆலும் மீதியே இல்லை. 21-ஐ 5-ஆல் வகுத்தால் மட்டும் மீதி 1. 15-ஐ 7-ஆல் வகுத்தால் மட்டும் மீதி 1. ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு விளக்கை எரியவைக்கும் ஸ்விட்ச் மாதிரி. மற்ற விளக்குகளை அது தொடுவதே இல்லை. இனி 70-ஐ 2 முறை, 21-ஐ 3 முறை, 15-ஐ 2 முறை எடுத்துக் கூட்டினால் 233. 3 × 5 × 7 = 105-ஐ இரண்டு முறை கழித்தால் 23.

முறை முழுவதும் இதுதான். அந்த 70, 21, 15 போன்ற எண்களை நாமே எப்படிச் செய்வது என்பதுதான் மிச்சம். நம் கணக்கிலேயே செய்து பார்க்கலாம்.

முதல் படி: பெருக்குங்கள்

7 × 11 × 13 = 1001. இந்த மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது, அதாவது அவை சார்பகா எண்கள். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் கீழே உள்ள படிகள் நடுவழியில் நின்றுவிடும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

இரண்டாம் படி: மற்ற இரண்டின் பெருக்கல்

7-க்கான ஸ்விட்ச் எண் 11-ஆலும் 13-ஆலும் மீதியின்றி வகுபட வேண்டும். அப்படியென்றால் அது 11 × 13 = 143-இன் மடங்காகத்தான் இருக்க முடியும். அதேபோல 11-க்கு 7 × 13 = 91-இன் மடங்கு, 13-க்கு 7 × 11 = 77-இன் மடங்கு.

மூன்றாம் படி: மீதியை 1 ஆக்குங்கள்

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இது. 143-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3 வருகிறது. நமக்கு வேண்டியது 1. 3-ஐ எதனால் பெருக்கினால் 7-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரும்? 3 × 5 = 15, மீதி 1. ஆக 143 × 5 = 715. இதுதான் 7-க்கான ஸ்விட்ச் எண். அந்த 5-க்கு, 7-ஐப் பொறுத்து 3-இன் பெருக்கல் நேர்மாறு என்று பெயர்.

91-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி மறுபடியும் 3. ஆனால் இப்போது வகுப்பது 11, அதனால் நேர்மாறு மாறுகிறது: 3 × 4 = 12, மீதி 1. ஆக 91 × 4 = 364.

77-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 12. இதை −1 என்று எடுத்துக்கொண்டால் வேலை சுலபம். −1-ஐ −1-ஆல் பெருக்கினால் 1, −1 என்பது இங்கே 12தான். ஆக 77 × 12 = 924.

மேலே போகும் முன் ஒரு சின்னச் சோதனை. மூன்று ஸ்விட்ச் எண்களையும் கூட்டுங்கள்: 715 + 364 + 924 = 2003. இதை 1001-ஆல் வகுத்தால் மீதி 1. இது தற்செயல் இல்லை. அந்தக் கூட்டுத்தொகையை 7, 11, 13 எதனால் வகுத்தாலும் மீதி 1 வந்தாக வேண்டும், எனவே 1001-ஆல் வகுத்தாலும் 1தான் வரும். வரவில்லையா? நேர்மாறு ஏதோ ஒன்று தப்பு. இந்தச் சோதனையை நான் விடுவதே இல்லை, அரை நிமிட வேலை.

நான்காம் படி: மீதிகளால் பெருக்கிக் கூட்டுங்கள்

715 × 4 = 2860
364 × 9 = 3276
924 × 2 = 1848

கூட்டினால் 7984. இதிலிருந்து 1001-ஐ ஏழு முறை கழித்தால் 7984 − 7007 = 977. சரிபார்ப்போம்: 977 = 7 × 139 + 4, 977 = 11 × 88 + 9, 977 = 13 × 75 + 2. மூன்றும் பொருந்துகின்றன.

வேறு விடை உண்டா? 0 முதல் 1000 வரை கிடையாது. இரண்டு விடைகள் இருந்தால் அவற்றின் வித்தியாசம் 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். மூன்றும் சார்பகா எண்கள் என்பதால் அது 1001-ஆலும் வகுபட்டாக வேண்டும். அந்த எல்லைக்குள் இரண்டு வெவ்வேறு எண்களுக்கு அவ்வளவு இடைவெளி கிடையாது. அதைத் தாண்டினால் 1978, 2979 என்று 1001 கூடக் கூட விடைகள் போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாம் படியைத் தாண்டினால் என்ன ஆகும்? 143 × 4 + 91 × 9 + 77 × 2 = 1545, அதில் 1001 போக 544. இதை 7-ஆல் வகுத்தால் மீதி 5, நாம் கேட்டது 4. காரணம், 143 தன்னிடம் உள்ள மீதி 3-ஐயும் சேர்த்துப் பெருக்கிவிட்டது: 3 × 4 = 12, மீதி 5. எந்த வகுஎண்ணில் விடை பிசகுகிறதோ, அதற்குரிய நேர்மாறைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நேர்மாறு கண்ணுக்குத் தெரியாவிட்டால்

7, 11 போன்ற சின்ன எண்களுக்கு ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்த்தே நேர்மாறைப் பிடித்துவிடலாம். பெரிய எண்களுக்கு யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை வேண்டும். இரண்டு நிபந்தனைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 29-ஆல் வகுத்தால் மீதி 11, 43-ஆல் வகுத்தால் மீதி 20. இங்கே இன்னொரு வசதியான வழியையும் காட்டுகிறேன். முதல் நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை அதில் ஏற்றுவது.

முதல் நிபந்தனைப்படி எண் 11 + 29t. இதை 43-ஆல் வகுத்தால் மீதி 20 வர வேண்டும் என்றால், 29t-இன் மீதி 9 ஆக இருக்க வேண்டும். 43-ஐப் பொறுத்து 29-இன் நேர்மாறு தெரிந்தால் t கிடைத்துவிடும்.

43 = 1 × 29 + 14
29 = 2 × 14 + 1

மீதி 1 வந்துவிட்டது, இப்போது பின்னோக்கி வாருங்கள். 1 = 29 − 2 × 14. அந்த 14-க்குப் பதில் 43 − 29 என்று போட்டால் 1 = 3 × 29 − 2 × 43. நேர்மாறு 3 (3 × 29 = 87 = 2 × 43 + 1). ஆக t = 9 × 3 = 27, எண் 11 + 29 × 27 = 794. சரிபார்த்தால் 794 = 43 × 18 + 20.

இனி இந்த இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து ஒரே நிபந்தனை ஆகிவிட்டன: 1247-ஆல் வகுத்தால் மீதி 794. மூன்றாவது ஒன்று இருந்தால் இதோடு அதே மாதிரி சேர்க்கலாம். (29 × 43 = 1247 என்பதில் ஒரு வேடிக்கை: சீனக் கணிதர் சின் சியூஷாவ் இந்த வகைக் கணக்குகளுக்குப் பொதுவான முறையை எழுதி முடித்த ஆண்டும் 1247தான்.) இரண்டு வகுஎண்களும் அவற்றின் மீதிகளும் கொடுத்து எண்ணைக் கண்டுபிடிக்கும் குட்டக முறையை நம் நாட்டில் ஆரியபட்டர் 499-லேயே தந்துவிட்டார். அதற்கும் அடிப்படை இந்த மாறி மாறி வகுக்கும் வேலைதான்.

கணினியில்

பைத்தான் 3.8 முதல் `pow(a, -1, m)` என்று எழுதினாலே நேர்மாறு கிடைக்கும். ஒவ்வொன்றாக ஏற்றும் வழி இத்தனை சுருக்கமாக முடிகிறது:

```python
def combine(rems, mods):
    x, M = 0, 1
    for r, m in zip(rems, mods):
        t = (r - x) * pow(M, -1, m) % m
        x += M * t
        M *= m
    return x

print(combine([4, 9, 2], [7, 11, 13]))  # 977
```

நம் கணக்குக்கு இதில் `x` முதலில் 4, பிறகு 53, கடைசியில் 977 என்று வளரும். 53-ஐ 7-ஆலும் 11-ஆலும் வகுத்துப் பாருங்கள், முதல் இரண்டு நிபந்தனைகளும் அதிலேயே தீர்ந்திருக்கும். சி++ போன்ற மொழிகளில் 64 பிட் எண்ணோடு வேலை செய்பவர்களுக்கு ஸ்விட்ச் முறையைவிட இதுதான் பாதுகாப்பு. `t` எப்போதும் `m`-ஐவிடச் சின்னது என்பதால் `x` மொத்தப் பெருக்கற்பலனைத் தாண்டாது. ஸ்விட்ச் முறையில் மீதியால் பெருக்கும் இடத்தில் எண் அதையும் தாண்டி, அளவு மீறித் தப்பான விடையைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடும்.

சார்பகா எண்களாக இல்லாவிட்டால்

4-ஆல் வகுத்தால் மீதி 1, 6-ஆல் வகுத்தால் மீதி 2 என்று கேட்டால் விடையே கிடையாது. முதலாவது ஒற்றை எண் கேட்கிறது, இரண்டாவது இரட்டை எண் கேட்கிறது. 4-ஆல் மீதி 1, 6-ஆல் மீதி 3 என்று கேட்டால் 9, 21, 33 என்று விடைகள் உண்டு. ஆனால் இடைவெளி 24 அல்ல, மீ.பொ.ம ஆன 12. இரண்டு கேள்விகளிலும் நம் முறை ஒரே இடத்தில் முறியும்: 6-ஐப் பொறுத்து 4-க்கு நேர்மாறு இல்லை. மேலே உள்ள நிரலில் இப்படிக் கொடுத்தால் `base is not invertible for the given modulus` என்ற பிழை வரும். அது வந்தால் நிரலை நோண்ட வேண்டாம், கொடுத்த வகுஎண்களுக்குப் பொது வகுத்தி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: வகுஎண்கள் பகா எண்களாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கையால் செய்து பார்க்க ஒரு கணக்கு: 8-ஆல் மீதி 3, 9-ஆல் மீதி 5, 5-ஆல் மீதி 1. ஸ்விட்ச் எண்கள் 225, 280, 216 என்று வர வேண்டும், அவற்றின் கூட்டுத்தொகை 721. விடை 131.