முன்பணம் கட்டிய விளம்பரம்: அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு தள்ள வேண்டும்?

விளம்பரத்துக்கு மொத்தமாக 1,80,000 கட்டிவிட்டீர்கள். 150 நாள் ஓடும். அதில் 60 நாள் இந்த நிதியாண்டில், மீதி 90 நாள் அடுத்ததில். பணம் கட்டியபோது முழுத் தொகையையும் விளம்பரச் செலவில் எழுதியிருப்பீர்கள். அப்படியே வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, பில்லைப் பிரிப்பது. நான் இடறியது இங்கேதான். நாள் கணக்கில் வகுத்து, 90 நாளுக்கான 1,08,000-ஐ அடுத்த ஆண்டுக்குத் தள்ளினேன். தணிக்கையாளர் ஒளிபரப்பு அறிக்கையைக் கேட்டார். அதைப் பார்த்ததும் கணக்கே மாறிவிட்டது.

பில்லில் 30,000 வீடியோ தயாரிப்புக்கு. வீடியோ இந்த ஆண்டே தயாராகிக் கைக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டும் அதே வீடியோதான் ஓடும் என்றாலும் அந்தத் தொகையைத் தள்ள முடியாது. சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 38 இதில் தெளிவாக இருக்கிறது: விளம்பரச் சேவை கிடைத்தவுடன் அது செலவு, அதனால் பின்னால் விற்பனை கூடும் என்பது ஒத்திவைக்கக் காரணம் ஆகாது. பணம் கட்டியும் இன்னும் கிடைக்காத சேவை மட்டுமே முன்கூட்டிச் செலுத்திய செலவு.

மீதி 1,50,000-க்கு 100 ஒளிபரப்புகள், ஒன்று 1,500. தொடக்கத்தில் அடர்த்தியாக ஓட்டியதால் ஆண்டு முடிவதற்குள் 70 ஓடிவிட்டன. பாக்கி 30. ஆக, தள்ள வேண்டியது 45,000 மட்டும். இந்த ஆண்டுச் செலவு 1,35,000. நாள் கணக்கில் போட்டிருந்தால் இந்த ஆண்டு லாபம் 63,000 கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

கணக்கு மென்பொருள் தானாகப் பிரித்துத் தரும் வசதியை இதற்கு நான் பயன்படுத்துவதில்லை. பெரும்பாலும் அது மாதங்களுக்குச் சமமாகப் பிரித்துவிடும். ஒரு விரிதாள் போதும். B2-இல் மொத்த ஒளிபரப்பு, C2-இல் ஓடியது, D2-இல் ஒன்றின் விலை:

```
=(B2-C2)*D2
```

நேரத்துக்கு நேரம் விலை வேறு என்றால், ஒவ்வொரு விலைக்கும் தனி வரி போடுங்கள்.

அப்புறம் ஆண்டு இறுதிச் சரிக்கட்டுப் பதிவு:

```
முன்கூட்டிச் செலுத்திய செலவு க/கு   பற்று  45,000
    விளம்பரச் செலவு க/கு            வரவு   45,000
```

இந்த 45,000 இருப்புநிலைக் குறிப்பில் நடப்புச் சொத்தாக நிற்கும். அடுத்த ஆண்டு அந்த 30 ஒளிபரப்புகளும் ஓட ஓட, இதே பதிவைத் திருப்பிப் போடுங்கள். எல்லாம் ஓடி முடிந்த பிறகும் முன்கூட்டிச் செலுத்திய செலவுக் கணக்கில் இருப்பு தெரிந்தால், ஏதோ ஒரு மாதத்துப் பதிவு விட்டுப்போயிருக்கிறது.

பின்சேர்க்கை: "பில் வந்துவிட்டது, பணம் இன்னும் கட்டவில்லை, இதையும் தள்ளலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கட்டாத பணம் முன்பணம் ஆகாது. வீடியோவும் ஓடி முடிந்த 70 ஒளிபரப்புகளும் சேர்ந்து 1,35,000. அதை மட்டும் செலவாகவும் கொடுக்க வேண்டிய கடனாகவும் எழுதுங்கள். ஓடாத 30-க்கு இந்த ஆண்டு எந்தப் பதிவும் வேண்டாம்.